அத்தியாயம் 7: தண்டலா, வங்கியா? கடனின் உண்மையான விலையைக் கணக்கிடுவது எப்படி

கடன் வாங்கும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி "வட்டி எவ்வளவு?" என்பதுதான். தண்டல்காரர் ஒரு எண்ணைச் சொல்வார், வங்கி மேலாளர் இன்னொரு எண்ணைச் சொல்வார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஒருவர் மாதக் கணக்கில் பேசுகிறார், மற்றவர் ஆண்டுக் கணக்கில் பேசுகிறார். ஒருவர் வட்டியை முதலிலேயே பிடித்துக்கொள்கிறார், மற்றவர் மாதந்தோறும் சேர்த்து வாங்குகிறார். ஒருவர் வீட்டு வாசலுக்கே வருகிறார், மற்றவரிடம் நாம் நான்கு முறை போய் நிற்க வேண்டும். இந்த வேறுபாடுகளையெல்லாம் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடும் முறையை இந்த அத்தியாயம் சொல்கிறது. கூட்டல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

வாய்ச்சொல்லில் உள்ள எண்கள்

தமிழ்நாட்டில் கடன் பேச்சில் "மூணு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். ஆண்டுக்கு 36 சதவீதம். "அஞ்சு வட்டி" 60 சதவீதம், "பத்து வட்டி" 120 சதவீதம். வங்கியில் "பன்னிரண்டு சதவீதம்" என்பது ஆண்டுக்கு. அதை நம் பேச்சுக்கு மாற்றினால் "ஒரு வட்டி". எனவே யார் வட்டி சொன்னாலும் அது மாதத்துக்கா, ஆண்டுக்கா, நாளுக்கா என்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே அடுத்த பேச்சு.

இதில் பலருக்கும் குழப்பம் வருவதில்லை. குழப்பம் வருவது தண்டலில்தான், ஏனென்றால் அங்கே வட்டி என்ற சொல்லே பெரும்பாலும் வாயில் வராது.

"பத்தாயிரம் கடன்க்கா. ஆயிரத்தைநூறு புடிச்சுக்குவோம். எட்டாயிரத்தைநூறு கையில வாங்கிக்கோங்க. தினம் நூறு ரூபா, நூறு நாள். அவ்வளவுதான்."

கேட்பவர் மனதில் உடனே ஓடும் கணக்கு: பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைநூறு, அதாவது நூற்றுக்குப் பதினைந்து. வங்கியே பன்னிரண்டு கேட்கிறதே, மூன்றுதானே கூட என்று தோன்றும். இந்தக் கணக்கில் மூன்று இடங்களில் பிழை இருக்கிறது.

தண்டலின் உண்மையான வட்டி

முதல் பிழை, கடன் பத்தாயிரம் என்று நினைப்பது. உங்கள் கையில் வந்தது 8,500 ரூபாய்தான். வராத 1,500 ரூபாயை நீங்கள் ஒரு நாள்கூடப் பயன்படுத்தவில்லை. வட்டியை எப்போதும் கையில் வந்த தொகைக்குத்தான் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது பிழை, அந்த 8,500 ரூபாயும் நூறு நாளும் உங்களிடம் இருந்ததாக நினைப்பது. மறுநாளே நூறு ரூபாய் திரும்பிப் போகத் தொடங்கிவிடுகிறது. ஐம்பதாவது நாளில் ஏறக்குறையப் பாதிதான் மிச்சம். தொண்ணூறாவது நாளில் சில நூறு ரூபாய்தான் உங்கள் வசம் இருக்கும். சராசரியாகப் பார்த்தால் நூறு நாளும் உங்களிடம் இருந்தது 8,500-ல் பாதி, அதாவது 4,250 ரூபாய்.

மூன்றாவது பிழை, நூறு நாள் வட்டியை ஓர் ஆண்டு வட்டியோடு ஒப்பிடுவது.

மூன்றையும் திருத்திக் கணக்கைப் போட்டால் இப்படி வரும்:

1. கையில் வந்தது 8,500. மொத்தம் கட்டுவது 10,000. கடனின் விலை 1,500 ரூபாய்.
2. கையில் வந்ததில் பாதி 4,250.
3. 1,500-ஐ 4,250-ஆல் வகுத்தால் 0.35. அதாவது நூறு நாளுக்கு 35 சதவீதம்.
4. அதை 365-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 129 சதவீதம்.

இது கைக்கணக்கு. முதல் நாள்களில் கட்டும் நூறு ரூபாயில் வட்டிப் பங்கு அதிகமாகவும் அசல் பங்கு குறைவாகவும் இருப்பதால் அசல் கொஞ்சம் மெதுவாகத்தான் குறைகிறது. அதையும் சேர்த்துத் துல்லியமாகப் பார்த்தால் 121 சதவீதம் வரும். கைப்பேசியிலோ கணினியிலோ விரிதாள் செயலி வைத்திருப்பவர்கள் ஒரு கட்டத்தில் இதைத் தட்டச்சு செய்து சரிபார்க்கலாம்:

```
=RATE(100,-100,8500)*365
```

முதல் எண் தவணைகளின் எண்ணிக்கை, அடுத்தது ஒரு தவணைத் தொகை, மூன்றாவது கையில் வந்த பணம். வாரத் தண்டலாக இருந்தால் 365-க்குப் பதில் 52. மாதத் தவணையாக இருந்தால் 12.

ஆக, "பதினைந்து" என்று தோன்றியது உண்மையில் 121. பத்து வட்டிக்கு வாங்குவதும் இந்தத் தண்டலும் ஒன்றுதான். பத்து வட்டி என்று சொல்லியிருந்தால் பலர் வேண்டாமென்று எழுந்து போயிருப்பார்கள்.

ஒரு குறிப்பு: பாதியாக வகுப்பது, சிறுகச் சிறுகத் திருப்பிக் கட்டும் கடனுக்கு மட்டுமே. அசலை மொத்தமாகக் கடைசி நாளில் கொடுக்கும் கடனில் பணம் முழுக் காலமும் உங்களிடமே இருக்கிறது. அங்கே பாதியாக வகுக்கக் கூடாது. காலையில் 900 வாங்கி மாலையில் 1,000 கொடுக்கும் சந்தைக் கடன் இந்த வகை. 900-க்கு ஒரு நாளைக்கு 100. மாதம் 25 நாள் இப்படி வாங்கினால் 900 ரூபாய் முதலுக்கு மாதம் 2,500 ரூபாய் வட்டி. இந்தக் கடனில் இருப்பவர் சதவீதம் பார்க்கவே வேண்டாம். ஒன்பது நாள் வட்டியைச் சேர்த்தால் முதலே சொந்தமாகிவிடும் என்பதைப் பார்த்தால் போதும்.

வங்கிக் கடனின் உண்மையான விலை

இதே நேர்மையோடு வங்கிக் கணக்கையும் பார்க்க வேண்டும். "வங்கியில் 12 சதவீதம்தான்" என்று சொல்லி முடித்துவிடும் அறிவுரைகள் சிறு வியாபாரிகளிடம் எடுபடாததற்குக் காரணம், அவை பாதிக் கணக்கு என்பது அவர்களுக்கே தெரியும்.

எடுத்துக்காட்டாக, மதுரையில் தள்ளுவண்டியில் இட்லிக் கடை நடத்தும் ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். கிரைண்டர் மாற்ற 10,000 ரூபாய் வேண்டும். வங்கி ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ஓராண்டுக்குக் கொடுக்கிறது. மாதத் தவணை 888 ரூபாய். பன்னிரண்டு மாதத்தில் அவர் கட்டும் வட்டி மொத்தம் ஏறக்குறைய 660 ரூபாய்.

ஆனால் விண்ணப்பம் கொடுக்க ஒரு முறை, விடுபட்ட தாளைக் கொடுக்க ஒரு முறை, கையெழுத்துப் போட ஒரு முறை என மூன்று அரை நாள் போகிறது. அரை நாள் கடை மூடினால் அவருக்குப் போவது 400 ரூபாய் என்று வைப்போம். இங்கே விற்பனையை எழுதக் கூடாது, செலவு போக நிற்கும் லாபத்தைத்தான் எழுத வேண்டும். மூன்று முறைக்கு 1,200. பேருந்து, நகல், புகைப்படத்துக்கு 150. ஆக 1,350 ரூபாய், வட்டியைப் போல இரண்டு மடங்கு.

கடனின் முழு விலை 660 + 1,350 = 2,010 ரூபாய். செலவான 1,350-ஐக் கழித்தால் அவர் கைக்கு உண்மையில் வந்தது 8,650. இந்த எண்ணை மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டால்:

```
=RATE(12,-888,8650)*12
```

விடை ஏறக்குறைய 40 சதவீதம். அறிவிப்புப் பலகையில் 12, அவருடைய பையில் 40.

இப்போது ஒரே ஒரு தண்டலோடு இதை ஒப்பிடுங்கள். தண்டலின் விலை 1,500 ரூபாய். கையில் பத்தாயிரம் முழுதாக வேண்டுமென்றால் ஏறக்குறைய 11,800 ரூபாய்க்குத் தண்டல் எடுக்க வேண்டும், அப்போது விலை 1,770. வங்கிக் கடனின் விலை 2,010. ரூபாய்க் கணக்கில் வங்கிதான் கூட! சதவீதம் மூன்று மடங்காக இருந்தும் தண்டல் ஏன் நிற்கிறது என்பதற்கு இதுதான் விடை. வீட்டு வாசலில், அன்றைக்கே, கடையை மூடாமல் கிடைக்கும் பணத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. அதை வாங்குபவரை விவரமில்லாதவர் என்று சொல்ல முடியாது.

ஆனால் கணக்கு இங்கே முடிவதில்லை

தண்டலுக்கும் வங்கிக்கும் உள்ள பெரிய வேறுபாடு முதல் கடனில் தெரியாது. இரண்டாவது கடனில்தான் தெரியும்.

வங்கியில் பெரிய செலவு அலைச்சல். அது பெரும்பாலும் ஒரு முறைச் செலவு, கடன் தொகை கூடினாலும் அது கூடுவதில்லை. அதே மூன்று அரை நாள் அலைந்து அவர் 50,000 ரூபாய் வாங்கியிருந்தால், அலைச்சலையும் சேர்த்த உண்மை வட்டி 40-லிருந்து 17 சதவீதமாக இறங்கிவிடும். ஒழுங்காகக் கட்டிய பிறகு அதே கிளையில் அடுத்த கடன் கேட்கும்போது தாள்கள் ஏற்கெனவே அங்கே இருக்கும், அலைச்சலும் குறையும்.

தண்டலில் பெரிய செலவு பிடித்தம். அது ஒவ்வொரு முறையும் வரும். நூறு நாள் முடிந்ததும் அடுத்த தண்டல், அது முடிந்ததும் அடுத்தது என்று ஓர் ஆண்டு ஓடினால் பிடித்தம் மட்டும் 5,475 ரூபாய். வங்கிக் கடனுக்கு அதே ஓராண்டில் அலைச்சலோடு சேர்த்தே 2,010.

நடைமுறையில் நூறு நாள்கூட முழுதாக ஓடுவதில்லை. எழுபதாவது நாளில் தண்டல்காரரே கேட்பார்: "மூவாயிரம்தான பாக்கி, புதுசாப் போட்டுரட்டுமாக்கா?" புதிய பத்தாயிரத்தில் 1,500 பிடித்தம், பழைய பாக்கி 3,000 கழிவு, கையில் 5,500. இதில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் பணம் ஒன்று உண்டு. நூறு நாளுக்கான 1,500 ரூபாய் வட்டியை முதல் நாளே கொடுத்துவிட்டீர்கள். எழுபதாம் நாளில் கணக்கை முடித்தால் மீதி நாள்களுக்கான வட்டி கழிய வேண்டும். கழிவதில்லை. பாக்கி மூவாயிரம் முழுதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. முதல் கடனின் வட்டி 121-லிருந்து 132 சதவீதமாக ஏறுகிறது. இப்படி எழுபது நாளுக்கு ஒரு முறை புதுப்பித்தால் ஆண்டில் ஐந்து பிடித்தம், 7,500 ரூபாய். அவர் வாங்க நினைத்த கிரைண்டரின் விலையில் முக்கால் பங்கு.

எனவே தண்டலா வங்கியா என்று பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பணம் எனக்கு ஒரு முறைதான் தேவையா, அல்லது ஆண்டு முழுக்கத் தேவையா என்பதே. கடந்த ஓராண்டில் எத்தனை தண்டல் எடுத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் உங்களுக்குத் தேவைப்படுவது நிரந்தர முதல். அதைத் தண்டலில் வாடகைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தவணை கட்டும் விதம்

தண்டலில் தினம் நூறு ரூபாய் ஒதுக்க வேண்டும். வங்கியின் 888 ரூபாய் தவணைக்குத் தினம் முப்பது ரூபாய் போதும். ஆனால் அந்த முப்பது ரூபாயை வாங்க யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள். நாள் வருமானக்காரர்கள் வங்கிக் கடனில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தவணைத் தேதியில் கணக்கில் 888 இல்லாவிட்டால் தானாகப் பிடிக்கும் தவணை திரும்பிவிடும். திரும்பியதற்கு வங்கி கட்டணம் போடும். அது 300 ரூபாய் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 354. ஆண்டில் இரண்டு முறை நடந்தாலே வட்டியைவிட அதிகமாகிவிடும். கடன் மதிப்பெண்ணிலும் குறி விழும்.

இதற்கு வழி, தவணை பிடிக்கப்படும் சேமிப்புக் கணக்கிலேயே வாரம் ஒரு முறை 250 ரூபாய் போட்டுவிடுவது. கிளைக்குப் போக வேண்டியதில்லை, ஊரில் உள்ள வங்கி முகவர் மையத்தில் கட்டலாம். வாடிக்கையாளர்கள் க்யூஆர் அட்டை வழியாகக் கொடுக்கும் பணத்தை அதே கணக்கில் விழும்படி வைத்துக்கொண்டால் பாதி வேலை தானே நடந்துவிடும். தவணைத் தேதியை வியாபாரம் நன்றாக ஓடும் நாள்களுக்குப் பிறகு வரும்படி, கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு வாங்குங்கள்.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டிய தாள்கள்

வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ வாங்கினால் "கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட்" என்ற ஒரு தாளைக் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் இதைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதில் "ஏபிஆர்" என்ற வரியைத் தேடுங்கள். வட்டி, பரிசீலனைக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆண்டு விகிதம் அதுதான். நிதி நிறுவனங்களில் "12 சதவீதம் ஃபிளாட்" என்று சொன்னால் முதல் மாதம் முதல் கடைசி மாதம் வரை முழு அசலுக்கும் வட்டி போடுகிறார்கள் என்று பொருள். ஓராண்டுக் கடனில் அது ஏறக்குறைய 21 முதல் 22 சதவீதம். ஏபிஆர் வரியில் இந்த உண்மை எண்தான் இருக்க வேண்டும். உங்கள் அலைச்சல் மட்டும் அதில் இருக்காது, அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

தண்டலில் இப்படித் தாள் கிடையாது. வரவு எழுதும் ஒரு சிறு அட்டைதான். மாறாக உங்களிடமிருந்து தாள்கள் போகும்: தொகை எழுதாத புரோநோட்டு, நிரப்பாத காசோலை, சில இடங்களில் ஏடிஎம் அட்டை. கணக்கில் வராத விலை இதுதான். நூறாவது நாளில் பணம் முடிந்தும் இந்தத் தாள்கள் திரும்பி வராவிட்டால், 10,000 ரூபாய்க் கடன் ஒரு லட்ச ரூபாய் வழக்காக மாற முடியும். தொகையை எழுத்தாலும் எண்ணாலும் நிரப்பாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தினமும் கட்டியதும் அட்டையில் வரவு வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பினால் அதுவே சாட்சி.

தமிழ்நாட்டில் 2003-ல் வந்த அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடம் உண்டு. மிரட்டலோ, பொருளைத் தூக்கிச் செல்வதோ நடந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். கையில் உள்ள அட்டைப் படமும் பணம் அனுப்பிய பதிவும் அப்போது உதவும்.

எந்தத் தேவைக்கு எது

அவசரம், நாளைக்கே வேண்டும், இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்துவிடும் என்றால் வீட்டில் ஒரு சிறு நகை இருக்கிறதா என்று பாருங்கள். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக் கடன் பெரும்பாலும் ஒரே வரவில் முடிந்துவிடும். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றால் 10,000 ரூபாய்க்கு நூறு நாள் வட்டி 274 ரூபாய். மதிப்பீட்டுக் கட்டணத்தையும், வைக்கவும் மீட்கவும் போகும் இரண்டு அரை நாளையும் சேர்த்தாலும் தண்டலைவிடக் குறைவு. பத்தாயிரம் முழுதும் நூறு நாளும் உங்கள் கையிலேயே இருக்கும் என்பது கூடுதல் லாபம்.

நகை இல்லை, மகளிர் குழுவில் இருக்கிறீர்கள் என்றால் குழுவின் உள்கடன் அடுத்த வழி. ஒரு வட்டி, இரண்டு வட்டி என்று அங்கே கேட்டாலும் அந்த வட்டி குழுவின் பொது நிதிக்கே திரும்பிப் போகிறது.

ஆண்டு முழுக்க முதல் தேவைப்படும் தெருவோர வியாபாரி என்றால் பிரதமர் ஸ்வநிதி திட்டத்தை முதலில் கேளுங்கள். 2020-ல் 10,000 ரூபாயில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் 2025 மாற்றத்துக்குப் பிறகு முதல் கடன் 15,000 வரை, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, அதன் பின் 50,000. ஈடு தேவையில்லை. தவணை தவறாதவர்களுக்கு ஆண்டுக்கு 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் வரும். மாநகராட்சி, நகராட்சி அல்லது பேரூராட்சி கொடுக்கும் வியாபாரி அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். அலைச்சலில் பாதி இந்த அட்டைக்காகத்தான். எனவே கடன் தேவைப்படாத மாதத்திலேயே அட்டையை வாங்கி வைத்துவிடுங்கள். பணத்துக்கு அவசரம் வந்த பிறகு தாள் தேடினால் தண்டல்காரரே வெல்வார்.

ஏற்கெனவே தண்டலில் இருப்பவர்கள் புதிய வங்கிக் கடன் வரும் வரை ஒன்றை மட்டும் செய்யுங்கள்: எழுபதாம் நாளில் புதுப்பிக்காதீர்கள். நூறு நாளையும் ஓட்டி முடியுங்கள். முடிந்த மறுநாளிலிருந்து அதே நூறு ரூபாயை அறுபது நாள் உங்கள் சொந்தக் கணக்கில் கட்டுங்கள். எழுபதாம் நாளில் கைக்கு வரவிருந்த 5,500 ரூபாயைவிட அதிகமாக, வட்டியில்லாத 6,000 ரூபாய் உங்களுடையதாக இருக்கும்.